மூன்று புழு, நான்கு பெயர்: பட்டை இழை பிரித்துப் பார்ப்பது

புடவைக் கடை அலமாரியில் மல்பெரி, டஸ்ஸர், எரி, ரா சில்க் என்று நான்கு சீட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். பார்த்தால் நான்கும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் போலத் தோன்றும். முதல் மூன்றும் புழுவை வைத்து வந்த பெயர்கள். நான்காவது, நூல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்ல வந்த பெயர். அதற்கென்று தனிப் புழு கிடையாது. இந்த வித்தியாசம் பிடிபடாமல் பளபளப்பையும் தொடுகையையும் எடையையும் வைத்து ரகம் பிரிக்க முயன்றால் பாதி வழியிலேயே குழம்பிவிடும்.

மல்பெரியிலிருந்து தொடங்கலாம், நம் ஊர்க் கல்யாணப் பட்டெல்லாம் இதுதான். முசுக்கொட்டை இலை தின்னும் புழு தன் கூட்டை ஒரே இழையாகச் சுற்றுகிறது. நல்ல கூடு ஒன்றிலிருந்து ஆயிரம் மீட்டர் வரைகூட அறுபடாமல் இழை வரும். அந்த இழை உண்மையில் இரண்டு இழைகள். செரிசின் என்ற பசை இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறது. சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் காய்ச்சிப் பசையை எடுத்துவிட்டு, மிஞ்சிய இழையைக் குறுக்கே வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால், மூலை மழுங்கிய முக்கோணமாகத் தெரியும். பளபளப்பின் ரகசியம் இந்த முக்கோணத்தில்தான் இருக்கிறது. இழையின் பக்கங்கள் தட்டையாக, வழுவழுப்பாக இருப்பதால் விழும் ஒளி சிதறாமல் கூட்டமாகத் திரும்புகிறது.

இதைக் கடையின் குழல்விளக்கின் கீழ் பார்க்கக் கூடாது. வாசல் பக்கம், பகல் வெளிச்சத்தில், துணியை ஆள்காட்டி விரல்மேல் போட்டு வளைத்துப் பாருங்கள். மல்பெரி என்றால் வளைவின் முகட்டில் ஒளி ஒரு கோடாக ஓடும். விரலைச் சாய்த்தால் அந்தக் கோடு வழுக்கிக்கொண்டு நகரும். அதன் ஓரத்தில் துணியின் நிறமும் கலந்திருக்கும். பாலியெஸ்டரில் பெரும்பாலும் வெள்ளையான மினுக்கு மட்டும் எந்தப் பக்கம் திருப்பினாலும் கண்ணில் அடிக்கும். ஆனால் இதை மட்டும் நம்பிவிட வேண்டாம். பட்டின் முக்கோணத்தைப் பார்த்தே மூன்று மடல் வடிவத்தில் செயற்கை இழை இழுக்கிறார்கள், பளபளப்பில் அது வெகு அருகில் வந்துவிடும்.

இன்னொரு குழப்பமும் இங்கே உண்டு. சாய்த்தால் நிறம் மாறுகிறதே, அதனால் அசல் பட்டுதான் என்று சிலர் சொல்வார்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் இன்னொரு நிறம் என்று நெய்தால் எந்த இழையாக இருந்தாலும் நிறம் மாறத்தான் செய்யும். மயில்கழுத்து நிறம் வருவது அப்படித்தான். பாலியெஸ்டரிலும் மயில்கழுத்து நெய்யலாம், நெய்கிறார்கள். எதிர்ப்பக்கமும் இதே கதைதான். மல்பெரி நூலையே கடுமையாக முறுக்கி கிரேப், ஜார்ஜெட் என்று நெய்தால் பளபளப்பு அடங்கிப்போய் மணல் தூவியதுபோல் ஆகிவிடும். மினுங்கவில்லை என்பதால் மல்பெரி இல்லை என்று தள்ளிவிட முடியாது.

டஸ்ஸர் புழு காட்டுவாசி. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா பக்கம் மருது, கருமருது, சால் மரங்களில் விட்டு வளர்க்கிறார்கள். கூடு கெட்டியாக, சின்ன முட்டை போல, கிளையில் கட்டித் தொங்கும் காம்போடு இருக்கும். இதன் இழை மல்பெரியைவிட மூன்று நான்கு மடங்கு தடிமன். வடிவமும் வேறு: முக்கோணத்தை நசுக்கிவிட்டதுபோல் தட்டையான நாடா, அதன்மேல் நீளவாக்கில் நுண்ணிய கோடுகள். நாடா ஆங்காங்கே புரண்டு கிடப்பதால் ஒளி ஒரே கோடாக ஓடாது. துணியை விரல்மேல் வளைத்தால் சின்னச் சின்னப் புள்ளிகளாக மின்னும். ஒரு புள்ளி அணைய, பக்கத்துப் புள்ளி எரியும். நிறம் தேன், செம்பு, வைக்கோல் என்று இயற்கையிலேயே ஏறியிருக்கும். அந்த நிறத்தை முழுதாக எடுப்பது சிரமம். தூய வெள்ளை டஸ்ஸர் என்று யாராவது காட்டினால் அது ஹைட்ரஜன் பெராக்சைடில் நன்றாக வெளுத்ததாக இருக்கும், அல்லது டஸ்ஸராகவே இருக்காது. சாயம் போட்ட டஸ்ஸரிலும் அடியிலிருக்கும் தேன் நிறம் எட்டிப் பார்க்கும். அதனால்தான் டஸ்ஸரின் நீலமும் பச்சையும் மல்பெரியில் வருவதுபோல் பளிச்சென்று வராமல், கொஞ்சம் மண் கலந்ததுபோல் இருக்கின்றன. எனக்கு அந்த அடங்கிய நிறம்தான் பிடிக்கும். ஆனால் கல்யாண மேடை விளக்குக்கு அது எடுபடாது என்பதும் உண்மை.

தொடுகையில் டஸ்ஸர் உலர்ந்தது. மல்பெரி தொட்டதும் குளிர்ந்து, விரலிடுக்கில் நழுவும். டஸ்ஸர் லேசாகச் சொரசொரவென்று விரலைப் பிடித்து நிறுத்தும். மடித்தால் மடிப்பு நிற்கும், நீவினால் உடனே போகாது. ஊடையில் தடித்த முடிச்சுகளும் புடைப்புகளும் நிறைய இருந்தால் அது பெரும்பாலும் கீச்சா நூல். பூச்சி துளைத்து வெளியேறிய கூடுகளிலிருந்தும், ஒரே இழையாக உருவ ஆகாத கூடுகளிலிருந்தும் கையால் இழுத்து எடுப்பது அது. பாகல்பூரில் நெய்யும் டஸ்ஸர் துணிகளில் இந்த ஊடையை நிறையப் பார்க்கலாம்.

எரி என்ற பெயரைக் கேட்டதும் எரித்துப் பார்க்கும் சோதனை ஞாபகம் வந்தால் தவறில்லை, ஆனால் சம்பந்தம் எதுவும் இல்லை. அசாமிய மொழியில் எரா என்றால் ஆமணக்கு. சித்த மருத்துவத்தில் ஆமணக்குக்குச் சொல்லும் ஏரண்டம் என்ற பெயரை நினைத்துக்கொண்டால் மறக்காது. ஆமணக்கு இலைதான் இந்தப் புழுவின் முதல் சாப்பாடு, மரவள்ளி இலையும் தின்னும். இதன் கூடு ஒரு முனையில் வாய் திறந்தே இருக்கும். இழையும் அடுக்கடுக்காக, விட்டு விட்டுத்தான் சுற்றியிருக்கும். ஆகவே மல்பெரி போல ஒரே இழையாக உருவ முடியாது. பஞ்சைத் திரிப்பதுபோல் திரித்து நூலாக்க வேண்டும். எரியின் எல்லாக் குணமும் இந்த ஓர் உண்மையிலிருந்து வருகிறது. நூலின் மேல் ஆயிரம் மயிர்முனைகள் நீட்டிக்கொண்டிருப்பதால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி, பளபளப்பு மங்கிவிடுகிறது. அந்த மயிர்களுக்கு இடையில் காற்று நிற்பதால் தொட்டதும் குளிராமல் வெதுவெதுப்பாக இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் பருத்திக்கும் கம்பளிக்கும் நடுவில் ஏதோ ஒன்று என்றுதான் சொல்வீர்கள். புதிதில் சின்ன உருண்டைகள் எழும்பும். துவைக்கத் துவைக்க மென்மை கூடும்.

எரியை அகிம்சைப் பட்டு என்று விற்கிறார்கள். வாய் திறந்த கூடு என்பதால் பூச்சி தானாக வெளியேறிய பிறகு நூல் எடுக்க முடியும் என்பது சரிதான். ஆனால் அசாமிலும் அக்கம்பக்கத்து மலைகளிலும் எரியின் கூட்டுப்புழு விருப்பமான உணவு. கூட்டைத் திறந்து புழுவை எடுத்துச் சமைத்துவிட்டு, கூட்டை நூலுக்கு வைப்பது அங்கே வழக்கம். ஆகவே எரி என்ற ஒரே காரணத்தால் அகிம்சை ஆகிவிடாது. அது முக்கியம் என்று நினைப்பவர்கள் கூடு எப்படிக் காலியானது என்று கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது ரா சில்க். நூல் வியாபாரத்தில் கச்சாப் பட்டு என்றால் கூட்டிலிருந்து உருவிய, பசை எடுக்காத நூல். நெசவாளர்கள் கோரா என்பார்கள். மல்பெரியில் இந்தப் பசை எடையில் ஏறக்குறைய கால் பங்கு. அது இருக்கும்வரை நூல் விறைப்பாக, பளபளப்பு குறைந்து, கொஞ்சம் கண்ணாடித்தாள் போல இருக்கும். கோரா புடவையும் ஆர்கன்ஸாவும் அந்த விறைப்பை வைத்துத்தான் நிற்கின்றன. துணிக்கடையில் ரா சில்க் என்று கேட்டால் எடுத்துப் போடுவது பெரும்பாலும் முற்றிலும் வேறு சரக்கு: முடிச்சு முடிச்சாக, தடித்து, ரவிக்கைக்கும் குர்த்தாவுக்கும் தோதான துணி. அது இரட்டைக் கூட்டு நூலில் நெய்த டூப்பியனாக இருக்கலாம். இரண்டு புழுக்கள் சேர்ந்து ஒரே கூடு கட்டினால் இழைகள் பின்னிக்கொண்டு நூல் ஏற்ற இறக்கமாக வரும், டூப்பியனின் புடைப்பு அதிலிருந்து வருவது. அல்லது சீவி எடுத்தபின் மிஞ்சும் குட்டை இழைகளைத் திரித்து நெய்த, நாயில் என்று சொல்லும் துணியாக இருக்கலாம். அதில் மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகள் தெரியும். அல்லது பட்டே இல்லாத பாலியெஸ்டராகவும் இருக்கலாம். ஆகவே ரா சில்க் என்ற சீட்டைப் பார்த்தால் கேட்க வேண்டியது இரண்டு: எந்த நூல், பசை எடுத்ததா எடுக்காததா.

கோராவில் நேரும் விபத்து ஒன்றுதான், ஆனால் அடிக்கடி நேர்வது. விறைப்பாக நிற்கும் கோரா புடவையை வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைப்பார்கள். செரிசின் சூட்டிலும் காரத்திலும் கரையக்கூடியது. புடவை வெளியே வரும்போது தொய்ந்து, சுருங்கி, எடை குறைந்து, அங்கங்கே மட்டும் பளபளத்து நிற்கும். சாயம் போனதாக நினைத்துக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். போனது பசை. ஆறிய தண்ணீரும் காரமில்லாத திரவமும் என்றால் இந்தப் பிரச்சினை வராது. விறைப்பு பசையால் வந்ததா, கடையில் ஏற்றிய கஞ்சியால் வந்ததா என்று தெரிய வேண்டுமானால், ஓரத்து நூல் ஒன்றை வெட்டி அதன்மேல் மருந்துக்கடை அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். கருநீலமாக மாறினால் கஞ்சி. வெளிர் நிற நூலில் செய்தால்தான் தெரியும். புடவையின் மேலேயே சொட்டு விட்டுவிடாதீர்கள், கறை நிற்கும்.

எடைதான் மூன்று அடையாளங்களிலும் அதிகம் ஏமாற்றுவது. கனமான பட்டு நல்ல பட்டு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். இழையின் அடர்த்தியில் மல்பெரி, டஸ்ஸர், எரி மூன்றுக்கும் கையில் தெரியும் அளவுக்கு வேறுபாடு கிடையாது. கையில் உணரும் கனம் நூலின் தடிமனாலும், எத்தனை நூல் நெருக்கி நெய்தார்கள் என்பதாலும், சரிகையாலும் வருவது. அதனால் மொத்த எடையை விட்டுவிட்டு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்க்க வேண்டும். புடவை 6.25 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்றால் பரப்பு 7.5 சதுர மீட்டர். சமையலறைத் தராசில் 450 கிராம் காட்டினால் சதுர மீட்டருக்கு 60 கிராம். இது லேசான மென்பட்டுக்குப் பொருந்தும் கணக்கு. 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலமுள்ள எரிச் சால்வை 300 கிராம் இருந்தால் சதுர மீட்டருக்கு 167 கிராம் வரும். சால்வையின் எடை அந்தப் புடவையில் மூன்றில் இரண்டு பங்குதான், ஆனால் துணியாக ஏறக்குறைய மூன்று மடங்கு கனம். காஞ்சிபுரத்தின் அகலக் கரைப் புடவையில் இந்தக் கணக்கு செல்லாது. அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளித் தகட்டுக் கம்பி சுற்றித் தங்கமுலாம் பூசியது. எடையில் எத்தனை கிராம் வெள்ளி, எத்தனை கிராம் பட்டு என்று வெளியிலிருந்து பிரிக்க முடியாது. மழைநாளில் எடை போட்டால் இன்னும் கொஞ்சம் கூடும், பட்டு காற்றின் ஈரத்தை நன்றாகக் குடிக்கும். நூல் வியாபாரத்தில் 11 சதவீத ஈரம் என்று வைத்தே எடையைக் கணக்கிடுகிறார்கள்.

இனி ஒரு புடவையை எடுத்துக்கொண்டு மூன்றையும் சேர்த்துப் பார்ப்போம். சீட்டில் டஸ்ஸர் என்று இருக்கிறது. தேன் நிறம், மெல்லிய சரிகைக் கரை, ஊடையில் புடைப்புகள். எடை 480 கிராம், பரப்பு அதே 7.5 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 64 கிராம் வருகிறது. இதிலிருந்து ஒன்றும் முடிவு கட்ட முடியாது, டஸ்ஸருக்கும் ஒத்துவரும், மல்பெரிக்கும் ஒத்துவரும். வெளிச்சத்தில் வளைத்தால் ஊடைத் திசையில் புள்ளிகளாக மின்னுகிறது, பாவுத் திசையில் வளைத்தாலோ மெல்லிய கோடாக ஒளி ஓடுகிறது. இங்கேதான் சந்தேகம் வர வேண்டும். இரண்டு திசையிலும் ஒளி இரண்டு விதமாக நடந்துகொண்டால் இரண்டிலும் இருப்பது ஒரே நூல் இல்லை.

அடுத்து புடைப்புகளை அளக்க வேண்டும். ஊடையில் ஒரே நூலைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, ஒரு புடைப்பிலிருந்து அடுத்த புடைப்புவரை தையல் டேப்பில் அளந்துகொண்டே போங்கள். 7 சென்டிமீட்டர், 19, 11, மறுபடி 7, 19, 11 என்று திரும்பத் திரும்ப வந்தால் அது இயந்திரம் போட்ட புடைப்பு. கைநூலில் இந்த ஒழுங்கு வராது. ஒழுங்கு தெரியவில்லை என்பதால் மட்டும் கைநூல் ஆகிவிடாது, முறைமாற்றிப் புடைப்புப் போடும் இயந்திரங்களும் உண்டு. நம் புடவையில் 4, 23, 2, 9, 31 என்று கணக்கில்லாமல் வருகிறது, புடைப்புகளின் தடிமனும் ஒன்றுபோல் இல்லை. சரி, மேலே போகலாம்.

முந்தானையின் வெட்டு விளிம்பிலிருந்து பாவு நூல் ஒன்று, ஊடை நூல் ஒன்று உருவ வேண்டும். இரண்டையும் கலந்துவிடாமல் தனித்தனித் தாளில் வையுங்கள். பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது. ஒவ்வொரு நூலையும் இரண்டு கையிலும் பிடித்து, முறுக்கை எதிர்ப்பக்கம் திருப்பி அவிழ்த்து, மெதுவாக இழுங்கள். கூட்டிலிருந்து தொடர்ச்சியாக உருவிய நூல் என்றால் முறுக்கு அவிழ்ந்தபிறகும் இழுவையைத் தாங்கி, கடைசியில் டக்கென்று அறும். திரித்த நூல் என்றால் அறுவதற்குப் பதிலாகப் பஞ்சுபோல் பிரிந்து வழுக்கிக்கொண்டு வரும். முனையில் குஞ்சம் கட்டிய மாதிரி மயிர் நிற்கும். எரி எப்போதும் இரண்டாவது வகை. டஸ்ஸரில் உருவிய நூல் முதல் வகை, கீச்சா இரண்டுக்கும் நடுவில்: கொஞ்சம் தாங்கும், பிறகு பிரியும்.

நம் புடவையின் பாவு நூல் மெல்லிசாக, நன்றாகத் தாங்கி, டக்கென்று அறுகிறது. நகைக்கடையில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் எண்ண முடியாத அளவுக்கு நுண்ணிய, ஒரே சீரான இழைகள். ஊடை நூல் இழுக்க இழுக்கப் பிரிகிறது. லென்ஸில் தடித்த நாடாக்கள், ஆங்காங்கே புரண்டு கிடக்கின்றன. அப்படியானால் பாவு மல்பெரி, ஊடை டஸ்ஸர் கீச்சா. பாவையும் ஒருமுறை கொளுத்திப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் நுண்ணிய பாலியெஸ்டரும் லென்ஸில் இப்படித்தான் தெரியும். இரண்டு அங்குல நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர் வைத்த தட்டுக்கு மேலே தீயைக் காட்டுங்கள். பட்டு என்றால் தீயை விட்டுச் சுருண்டு, முடி கருகும் வாசனையோடு எரிந்து, தீயை எடுத்ததும் பெரும்பாலும் தானாக அணையும். மிஞ்சும் கரிய உருண்டை விரலில் நசுக்கினால் தூளாகும். பாலியெஸ்டர் உருகிச் சொட்டும், உருண்டை நசுங்காது. விஸ்கோஸ் காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகிவிடும். நம் பாவு முடி வாசனையோடு சுருண்டது, ஊடையும் அப்படியே.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு, பலர் அதை மறந்துவிடுகிறார்கள். பட்டா இல்லையா என்பதைத் தீ சொல்லும். எந்தப் பட்டு என்று சொல்லாது. மல்பெரியும் டஸ்ஸரும் எரியும் ஒரே மாதிரிதான் எரியும், மூன்றும் புரதம். டஸ்ஸர் என்று நிரூபிக்கிறேன் பாருங்கள் என்று கடையில் நூலைக் கொளுத்திக் காட்டினால், அது பாலியெஸ்டர் இல்லை என்பதை மட்டும்தான் நிரூபிக்கிறார்கள். 2004இல் தொடங்கிய சில்க் மார்க் சீட்டும் முதலில் சொல்வது இதையேதான், துணி தூய இயற்கைப் பட்டு என்று. புழு எது என்ற கேள்விக்கு நூலைத்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். சரசர சத்தமும் இங்கே சாட்சி ஆகாது. பசை எடுத்த பட்டை மென்மையான அமிலத்தில் முக்கி எடுத்தால் அந்தச் சத்தம் வரும், முக்காவிட்டால் அசல் பட்டிலும் வராது.

ஆக, இந்தப் புடவை முழுப் பட்டு, ஆனால் பாதி டஸ்ஸர். இது மோசடி என்று எடுத்தவுடன் சொல்ல மாட்டேன். சீரான நுண்ணிய பாவு இருந்தால் தறியில் நூல் அறுவது குறையும், ஊடையில் டஸ்ஸர் தெரிந்தால் துணிக்கு அந்த முகம் வந்துவிடும். நெசவுக்கு நல்ல ஏற்பாடுதான். முழு டஸ்ஸர் என்று சொல்லி அந்த விலைக்கு விற்றால்தான் கேள்வி. வாங்கும்போது டஸ்ஸரா என்று கேட்காதீர்கள், ஆமாம் என்றுதான் பதில் வரும். பாவு என்ன, ஊடை என்ன என்று கேளுங்கள். நெசவு தெரிந்த கடைக்காரர் உடனே பதில் சொல்வார், தெரியாதவர் சீட்டைத் திருப்பிப் பார்ப்பார்.

எரிக்கும் திரித்த மல்பெரிக்கும் நடுவில் மட்டும் இந்த வழியெல்லாம் கொஞ்சம் தடுமாறும். உருவ ஆகாத மல்பெரிக் கழிவைச் சீவித் திரித்தாலும் நூல் இழுத்தால் பிரியத்தான் செய்யும், முனையில் மயிர் நிற்கத்தான் செய்யும். அங்கே மறுபடி ஒளிக்குத்தான் திரும்ப வேண்டும். திரித்த மல்பெரியில் மயிருக்கு அடியில் ஒரு மினுக்கு ஒளிந்திருக்கும், எரியில் அது அநேகமாக இருக்காது. சாயம் போடாத துணியாக இருந்தால் இன்னும் எளிது. எரிக்கூடு வெள்ளையிலும் வரும், செங்கல் சிவப்பிலும் வரும். அந்தச் செங்கல் நிறம் சாயமின்றி இயற்கையாக இருந்தால் அது மல்பெரி இல்லை.